காதல் வாசிப்பை அவரிடமே காட்டுவது

“டாரட் அட்டைகளில் குறி பார்த்தபோது என் காதலரின் மனநிலைக்கு ‘வாள் ஏழு’ என்ற அட்டை வந்தது. ஞாயிறன்று தெப்பக்குளத்தில் சந்திக்கும்போது அவரிடம் காட்டலாமா?”

அன்புச் சகோதரிக்கு, இப்போது காட்ட வேண்டாம். ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டு, இரண்டைத் தரையிலேயே விட்டு நழுவுகிறவனின் படம் அது. அதை வஞ்சகம் என்றும், சொல்லத் தயங்கி ஒதுங்குவது என்றும் வாசிக்கலாம் என்றாலும், அவருக்கு அது குற்றச்சாட்டாகவே படும், பிறகு அவர் தம் மனத்தைச் சொல்வதை விட்டு அட்டையை மறுக்கத் தொடங்குவார். தாங்களும் அவர் முகம் வாடாதபடி பொருளை மென்மையாக்கிவிடுவீர்கள். தாங்கள் கண்ட பொருளை முதலில் குறிப்பேட்டில் எழுதி, அவரிடம் சொல்ல எண்ணுவதை அதன் கீழே எழுதிப் பாருங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தில் தங்கள் அச்சம் தெரியும். “எதையோ என்னிடம் சொல்லத் தயங்குகிறீர்களோ என்று பயமாக இருக்கிறது” என்று அதை மட்டும் கேளுங்கள். அவர் பதில் சொன்ன பின்பு, அவரே விரும்பினால், அட்டையைக் காட்டலாம்.