குழாயடியில் ஒரு மெய்க்கீர்த்தி

"தஞ்சைப் பக்கம் எங்கள் தெரு தண்ணீர் அறிவிப்பை ராஜா ஆணை மாதிரி காமெடியாக எழுதணும். எப்படி?"

தஞ்சைப் பக்கம் இருந்துகொண்டு சினிமா தண்டோரா எதற்கு? சோழர் கல்வெட்டு நடையை எடுங்கள். அதில் முதலில் மெய்க்கீர்த்தி: மன்னன் வென்றவை 'கொண்டு, வென்று' என மூச்சு விடாமல் ஓடும். அப்புறம்தான் பெயர், ஆட்சியாண்டு, கடைசியில் விஷயம். அந்த நீளமான ஏற்றத்திலிருந்து சின்ன விஷயத்தில் தொப்பென்று விழுவதுதான் சிரிப்பு.

"மேல்தெருக் குழாயடி கொண்டு, புகைந்த மோட்டாரைப் பொருது, வராத பிளம்பரை வரவழைத்தருளிய செயலாளர் தேவர்க்கு யாண்டு இரண்டாவது: இனி காலை 6 முதல் 7 வரை மட்டும் தண்ணீர். இது சந்திராதித்தவரை செல்வதாக. குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுவான், கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் கொள்வான்."

நேரத்தை மட்டும் அலங்கரிக்காதீர்கள். நான் ஒருமுறை 'உதயத்துக்குப் பின் இரு நாழிகை' என்று எழுதி, பாதித் தெரு காலிக் குடத்தோடு என் வாசலில் நின்றது.