இரண்டாவது தாங்கி முதலாவதைப் பிடித்து நிறுத்தும்போது

"இரண்டு தாங்கிகள் அடியில் ஒரு குழாயால் இணைந்திருக்கின்றன. முதலாவதுக்குள் வரும் நீரிலிருந்து இரண்டாவதின் நீர்மட்டத்துக்கு ட்ரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் வேண்டும். தாங்கி தாங்கியாக எடுத்துப் பெருக்கினேன், பிழை என்கிறார்கள். ஏன்?" (பொறியியல் மாணவர், கொக்குவில்)

பெருக்கினதுதான் பிழை, தம்பி. இணுவில் பக்கத் தோட்டத்தில் மோட்டர் இறைக்கும் சீமெந்துத் தொட்டியை நினைத்துப் பாருங்கள். அதன் நீர் மேலிருந்து அடுத்த தொட்டிக்குள் விழுந்தால், கீழே எவ்வளவு நிரம்பினாலும் மேலே ஒன்றும் மாறாது. அங்கே பெருக்கலாம். அடியில் குழாய் போட்டால் கதை வேறு: இரண்டாவது நிரம்ப நிரம்ப, குழாயில் ஓட்டம் குறையும். ஓடுவது மட்ட வித்தியாசத்தால்.

இனி h1, h2, q எல்லாம் சமநிலையிலிருந்து விலகிய அளவுகள். A தாங்கியின் பரப்பு, R1 நடுக்குழாயின் தடை, R2 இரண்டாவதிலிருந்து நீர் வெளியேறும் குழாயின் தடை.

```
A1 dh1/dt = q - (h1-h2)/R1
A2 dh2/dt = (h1-h2)/R1 - h2/R2
```

லாப்லாஸ் எடுத்தபின், இரண்டாவதிலிருந்து H1ஐ H2ஆல் எழுதுங்கள். பிறகு இரண்டு சமன்பாட்டையும் கூட்டுங்கள். நடுக்குழாய் ஓட்டம் வெட்டுப்பட்டுப் போகும். அதில் H1ஐப் பிரதியிட்டால் சரி:

```
H1 = (A2 R1 s + 1 + R1/R2) H2
A1 s H1 + A2 s H2 = Q - H2/R2

H2/Q = R2 / (A1 A2 R1 R2 s² + (A1 R1 + A2 R2 + A1 R2) s + 1)
```

உங்கள் விடையில் இல்லாதது `A1 R2` மட்டுந்தான். சின்ன உறுப்புத்தானே என்று விடாதீர்கள். இரு தாங்கியும் 1 சதுர மீற்றர், சமநிலையில் நிமிடத்துக்கு 100 லீற்றர், மட்டங்கள் 1 மீற்றரும் 0.5 மீற்றரும் என்று வைப்போம். ஓட்டம் மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், சமநிலை மட்டமும் ஓட்டமும் h, q என்றால், தடை 2h/q: R2 = 2×0.5/0.1 = 10. நடுக்குழாயிலும் வித்தியாசம் 0.5, ஆகவே R1உம் 10. (பலர் இந்த 2ஐ விட்டு 5 என்று போடுவார்கள்.) பெருக்கினால் கீழே (10s+1)² வரும், உண்மையில் 100s²+30s+1. நேர மாறிலிகள் பத்தும் பத்தும் அல்ல, ஏறக்குறைய 26.2உம் 3.8உம். மட்டம் 98 வீதம் அடைய உங்கள் கணக்கில் 58 நிமிடம், சரியான கணக்கில் ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்கும் சற்றுக் கூட. ஆய்வுகூடத்தில் நின்று பார்த்தவருக்கு இது உடனே பிடிபடும்.

s = 0 போட்டுப் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது. இரண்டு விடையும் R2 என்றே வரும். நடு உறுப்பைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, மூலங்கள் எப்போதும் மெய்யெண்களே; மட்டம் அலைகிறது என்று விடை வந்தால் எங்கோ குறி மாறியிருக்கிறது.

இந்த R சின்ன மாற்றத்துக்கு மட்டும். நிமிடத்துக்கு 10 லீற்றர் கூட்டினால் h2 10 சென்ரிமீற்றர் உயரும் என்கிறது மாதிரி, உண்மையில் 10.5. ஓட்டத்தை இரட்டித்தால் இரண்டாவதின் மட்டம் 1.5 மீற்றர் என்று மாதிரி நிற்கும், தாங்கியில் 2 மீற்றர் வரும். அந்த இரண்டாவது தொட்டியின் உயரம் ஒன்றே முக்கால் மீற்றர் என்றால், தண்ணீர் வெங்காயப் பாத்திக்குள்தான்.