அம்மாவின் செயினும் பயோடேட்டா போட்டோவும்

"பி.காம் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. என்னைவிடக் குறைவாக மார்க் வாங்கிய தோழி, பார்க்க லட்சணமாக இருப்பாள், உடனே வேலையில் சேர்ந்துவிட்டாள். எனக்கு முகமெல்லாம் பருத் தழும்பு. அம்மா செயினை அடகு வைத்துக் கொடுத்த 35,000 ரூபாயில் ஸ்கின் கிளினிக் போய், புது போட்டோ எடுத்து பயோடேட்டாவில் வைத்தும் அழைப்பே வரவில்லை. அழகானவர்களுக்குத்தான் வேலையா?"

என் மகள் வயதுதான் உனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். செயின் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாய். கல்யாண வீட்டுக்குப் போகும்போது உன் அம்மா இப்போது கழுத்தில் என்ன போட்டுக்கொண்டு போகிறார்? கவரிங்கா? அதைப் பார்த்த பிறகும் அடுத்த சிட்டிங்குக்கு நாள் குறிக்க உனக்கு மனசு வந்ததா?

அழகுக்குச் சலுகை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஹாமர்மெஷ், பிடில் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்க, கனடிய சர்வேக்களை வைத்து 1994-ல் கணக்குப் போட்டார்கள். தோற்றம் சுமார் என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கு, நடுத்தரத் தோற்றம் உள்ளவர்களைவிடச் சம்பளம் 5 முதல் 10 சதவீதம் குறைவாக இருந்தது, அதுவும் பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும். ஆனால் காசு செலவழித்து அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியுமா என்பது வேறு கேள்வி. அதே ஹாமர்மெஷ் வேறு இருவரோடு சேர்ந்து ஷாங்காய் பெண்களிடம் இதைப் பார்த்தார். துணிமணிக்கும் அலங்காரத்துக்கும் போட்ட பணத்தில் சம்பளமாகத் திரும்பி வந்தது மிகச் சிறு பங்குதான். பருவுக்கு வைத்தியம் வேண்டுமென்றால் செய்துகொள், அது உன் உடம்பு. அதை வேலைக்கான முதலீடு என்று அம்மாவிடம் சொல்லிப் பணம் வாங்கியது தப்பு.

அப்புறம் அந்த போட்டோ. இஸ்ரேலில் ரஃபிள், ஷ்டுடினர் என்ற இருவர் 2,656 வேலைகளுக்கு இரண்டிரண்டாக 5,312 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் போட்டோ இருக்கும், மற்றதில் இருக்காது, தகுதி ஏறக்குறைய ஒன்றுதான். அழகான ஆண்களுக்கு, சுமாரான ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அழைப்பு வந்தது. பெண்களில் அதிகம் கூப்பிடப்பட்டது யார் தெரியுமா? போட்டோவே வைக்காதவர்கள். அழகான பெண்ணின் படமும் உதவவில்லை, சாதாரணப் பெண்ணின் படமும் உதவவில்லை. அது இஸ்ரேல் நிலவரம், நம் ஊர் கம்பெனிகள் அச்சு அசலாக அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் விளம்பரத்தில் கேட்காத இடத்துக்கு நீயாகப் படம் ஒட்டி அனுப்புவதில் உனக்கு என்ன லாபம்? எடுத்துவிடு. அந்த இடத்தில் டேலி தெரியும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டிருக்கிறேன் என்று, உண்மையிலேயே தெரிந்ததை எழுது. பத்து இடத்துக்கு அப்படி அனுப்பிப் பார்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காதே. டியூஷன் எடு, ஒரு கடையில் கணக்கு எழுது, எதுவானாலும் சரி, அடகு வட்டியை இந்த மாதத்திலிருந்து நீ கட்டு. கெடு தாண்டினால் ஏல நோட்டீஸ் அம்மா பேருக்குத்தான் வரும். ரசீதை வாங்கிப் பார்த்து, மீட்கக் கடைசித் தேதி என்ன என்று எனக்கு எழுது.