விரியல் தேற்றம்: ஹைட்ரஜனிலும் அலையியற்றியிலும் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: இயக்க ஆற்றல் T-யின் சராசரியை நிலை ஆற்றல் V-யின் சராசரியோடு இணைக்கும் 2⟨T⟩ = k⟨V⟩ என்ற விரியல் சூத்திரம் எங்கிருந்து வருகிறது? k என்பது எது?

V = C·rᵏ என்று நிலை ஆற்றல் தூரத்தின் ஒரே அடுக்காக இருந்தால், அந்த அடுக்குதான் k. ஒரே திட்டமான ஆற்றல் கொண்ட குவாண்டம் நிலையில் எந்த அளவின் சராசரியும் நேரத்தோடு மாறாது. அதனால் r·p-யின் சராசரியும் அப்படியே நிற்கும். அதன் மாறுவீதத்தைக் கணக்கிட்டால் 2⟨T⟩ − ⟨r·∇V⟩ கிடைக்கும், அது பூச்சியம். rᵏ-க்கு r·∇V என்பது kV ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். பழைய இயக்கவியலில் இதை 1870-இல் கிளாசியஸ் சொன்னார். அங்கே ‘சராசரி’ என்பது நீண்ட நேரச் சராசரி.

கேள்வி: ஹைட்ரஜனின் அடிநிலையில் போட்டுப் பார்த்தேன். ⟨V⟩ = −18.1 eV, ⟨T⟩ = 13.6 eV என்று வருகிறது. 2T = −V பொருந்தவில்லையே?

உங்கள் 18.1-ஐப் பார்த்ததுமே தவறு தெரிகிறது. ⟨1/r⟩ வேண்டிய இடத்தில் 1/⟨r⟩ போட்டிருக்கிறீர்கள். போர் ஆரத்தை a என்றால், அடிநிலையில் ⟨r⟩ = 1.5a, ஆனால் ⟨1/r⟩ = 1/a. இரண்டும் ஒன்றல்ல, ஏனெனில் அணுக்கருவை ஒட்டிய சிறு தூரங்கள் 1/r-இன் சராசரியை மேலே இழுக்கின்றன.

ψ, e^(−r/a)-க்கு விகிதசமம். இயல்பாக்கியபின்

⟨1/r⟩ = (4/a³) ∫ r e^(−2r/a) dr = (4/a³)(a²/4) = 1/a

e²/4πε₀ = 1.44 eV·nm, a = 0.0529 nm. வகுத்தால் ⟨V⟩ = −27.2 eV. இயக்க ஆற்றலுக்கு இருமுறை வகையிட வேண்டாம், (ħ²/2m)∫|∇ψ|² போதும். ψ′ = −ψ/a என்பதால் அது நேராக ħ²/2ma², அதாவது 13.6 eV. k = −1: 2 × 13.6 = 27.2. கூட்டினால் −13.6 eV, நமக்குத் தெரிந்த அடிநிலை ஆற்றலே.

கேள்வி: எலக்ட்ரான் கீழ்நிலைக்கு இறங்கும்போது ஆற்றலை இழக்கிறது. பிறகு இயக்க ஆற்றல் எப்படிக் கூடும்?

n = 2-இல் T = 3.4, V = −6.8 eV. n = 1-இல் T = 13.6, V = −27.2. நிலை ஆற்றல் 20.4 eV சரிகிறது. அதில் பாதி இயக்க ஆற்றலுக்குப் போகிறது, மீதி 10.2 eV ஒளியாக வெளியேறுகிறது.

கேள்வி: அலையியற்றியில் T-யும் V-யும் சமமாக வர வேண்டும் அல்லவா? என் நிரலில் எப்போதும் ஒரே அளவு வித்தியாசம் வருகிறது.

k = 2, ஆகவே ஆம், சமம்தான். n-ஆம் நிலையில் ⟨x²⟩ = (2n+1)ħ/2mω; அதை ½mω²-ஆல் பெருக்கினால் (2n+1)ħω/4, மொத்த ஆற்றலில் சரிபாதி. வித்தியாசம் n-ஐப் பொறுத்து மாறவே இல்லை என்றால், V-யில் ஒரு மாறிலி கூட்டப்பட்டிருக்கலாம். தேற்றம் உண்மையில் கேட்பது r·∇V-ஐ. மாறிலியைச் சேர்த்த V, தூய அடுக்கு அல்ல. கிணற்றின் அடியைப் பூச்சியமாக வைத்துப் பாருங்கள்.

n = 0, n = 2 நிலைகளைக் கலந்த அலைச் சார்பில் கணத்துக்குக் கணம் T-யும் V-யும் 2ω அதிர்வெண்ணில் மாறி மாறி ஏறி இறங்கும்; முழு அலைவுக்காலத்தின் சராசரியில்தான் சமமாகும்.

கேள்வி: ஹைட்ரஜனுக்கு e^(−αr²) என்ற சோதனைச் சார்பை எடுத்தேன். −V/T விகிதம் 2 வந்துவிட்டால் விடை சரி எனலாமா?

கூடாது. பலர் ஏமாறும் இடம் இது. அணு அலகில் T = 3α/2, V = −2√(2α/π). α = 0.5 என்றால் T = 0.75, V = −1.128, விகிதம் 1.50, ஆற்றல் −0.378. விகிதம் 2-க்குக் கீழே இருப்பதால், சார்பு அணுக்கருவை ஒட்டி அளவுக்கு மீறிச் சுருங்கியிருக்கிறது என்று புரிகிறது. திருத்துவது எளிது: எல்லாத் தூரங்களையும் η = −V/2T = 0.752-ஆல் வகுத்து விரியுங்கள். α, η² மடங்காகி 0.283 ஆகும். இப்போது T = 0.424, V = −0.849, விகிதம் சரியாக 2.

ஆனால் ஆற்றல் −0.424 தான், உண்மை விடை −0.5. நீட்டிச் சுருக்கும் அளவை உகப்பாக்கிவிட்டால் வடிவம் தவறாக இருந்தாலும் விரியல் விகிதம் நிறைவேறிவிடும். மணி வடிவச் சார்பு r = 0-இல் தட்டையாக இருக்கிறது, அங்கே உண்மைச் சார்புக்குக் கூர்முனை உண்டு. அந்தக் குறையை இந்த விகிதம் காட்டாது. விகிதம் 2 வராவிட்டால் விடை தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். வந்துவிட்டால் அளவு சரி என்பது மட்டுமே தெரியும்.