இன்டர்வியூவே நடக்கல, அதுக்குள்ள செல்ஃபி எதுக்கு?

"ஆன்லைன்ல ஒரு வேலைக்கு அப்ளை பண்ணேன். மறுநாளே ஹெச்ஆர்னு ஒருத்தர் வாட்ஸ்அப்ல வந்து, பாஸ்போர்ட் காப்பியும் பேங்க் டீடெயில்ஸும் கேட்டார், அனுப்பிட்டேன். இப்போ பாஸ்போர்ட்டை முகத்துப் பக்கத்துல பிடிச்சு ஒரு செல்ஃபி, தலையை இடது வலதுனு திருப்பி ஒரு சின்ன வீடியோ, அது வந்தாதான் இன்டர்வியூன்றார். அனுப்பலாமா? ஏற்கெனவே அனுப்புனதுக்கு என்ன பண்றது?"
பெயர் வேண்டாம், வாசகர்

தம்பி, அனுப்பாதீங்க. இன்னைக்கே அந்தப் பேச்சை நிறுத்திடுங்க.

வேலை குடுக்கிறவனுக்கு உங்க முகத்தைப் பாக்கணும்னா இன்டர்வியூலயே பாத்துக்குவான், அதுக்கு எதுக்கு பாஸ்போர்ட்டைக் கையில பிடிச்ச போட்டோ? அதைக் கேக்கறது யாருன்னா, ஆளை நேர்ல பாக்காமயே அக்கவுன்ட் திறக்கிற ஆன்லைன் பேங்க், லோன் ஆப், கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் மாதிரி இடங்கள். முதல்ல ஐடி போட்டோ, அடுத்து செல்ஃபி, அப்புறம் தலையைத் திருப்பச் சொல்றது, ஏன்னா கேமரா முன்னாடி இருக்கிறது உயிருள்ள ஆளா இல்ல ஒட்டி வச்ச போட்டோவான்னு பாக்கணும்ல. உங்க "ஹெச்ஆர்" கேக்கிற வரிசையும் அச்சு அசல் அதேதான். அனேகமா உங்க பேர்ல ஒரு ஃபார்ம் பாதி நிரப்பி வச்சிருக்கான், செல்ஃபி கேக்கிற இடத்துல அது நிக்குது, அவன் அவசரப்படறது அதுக்குத்தான்.

அடுத்தது என்ன வரும்னும் சொல்லிடறேன். "உங்க மொபைலுக்கு ஒரு கோடு வரும், அப்ளிகேஷன் கன்ஃபர்ம் பண்ண அதைச் சொல்லுங்க"ம்பான். அந்த எஸ்எம்எஸ்ஸை நிதானமா முழுசாப் படிங்க, பெரும்பாலும் அதுலயே ஏதோ ஒரு பேங்க் பேரோ ஆப் பேரோ இருக்கும், நீங்க அப்ளை பண்ண கம்பெனி பேர் இருக்காது. அந்த ஓடிபி போச்சுன்னா அக்கவுன்ட் ரெடி. அதை வச்சு உங்க பேர்ல லோன் எடுக்கலாம், அது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, வேற யாரையோ ஏமாத்தின பணத்தை அந்த அக்கவுன்ட் வழியா கடத்தறது, அப்போ போலீஸ் தேடிப் போனா முதல்ல கிடைக்கிற பேர் உங்களோடதுதான்.

நீங்க அனுப்புன காப்பியில போட்டோ பக்கத்தோட அடியில < < < குறியோட ரெண்டு வரி இருக்கும் பாருங்க, ஒவ்வொண்ணும் 44 எழுத்து. உங்க பேர், பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி, எக்ஸ்பைரி எல்லாம் அதுலயே இருக்கு. மேல நம்பரை மட்டும் மறைச்சு அனுப்பறவங்க இதை அப்படியே விட்டுடறாங்க, மறைச்சும் பிரயோஜனமில்ல.

உண்மையான கம்பெனின்னா ஆஃபர் லெட்டர் வந்தப்புறம் விசாவுக்கோ வொர்க் பர்மிட்டுக்கோ பாஸ்போர்ட் கேக்கும், சம்பளம் போட பேங்க் டீடெயில்ஸ் கேக்கறது ஜாயின் பண்ற நேரத்துல. ஆனா ஒண்ணு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற சில நிஜ ஏஜென்சிகளும் ஆரம்பத்துலயே பாஸ்போர்ட் காப்பி கேக்கறது உண்டு, அதனால அதை மட்டும் வச்சு ஃப்ராடுன்னு சொல்லிட முடியாது. அந்த மாதிரி இடத்துல ஏஜென்சி லைசென்ஸை விசாரிச்சுட்டு, காப்பி எடுத்த பேப்பர்லயே நம்பரையும் அந்த ரெண்டு வரியையும் கையெழுத்தையும் மறைச்சு, எந்தக் கம்பெனிக்கு, எதுக்கு, என்ன தேதின்னு போட்டோ மேலயே குறுக்க எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. ஓரத்துல எழுதினா வெட்டிடுவான். பிடிஎஃப்ல கறுப்புக் கட்டம் வச்சு மறைக்கறதும் வேண்டாம், பல நேரம் அதைத் தூக்கிட்டா அடியில இருக்கிறது அப்படியே தெரியும்.

இப்போ உங்க விஷயம். கோபத்துல உடனே பிளாக் பண்ணி சாட்டை அழிச்சுடாதீங்க, முதல்ல அவன் நம்பர், மெசேஜ், நீங்க அனுப்புன ஃபைல் எல்லாம் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. அவன் குடுத்த நம்பரை விட்டுட்டு கம்பெனியோட வெப்சைட்ல இருக்கிற நம்பருக்குப் போன் போட்டு இப்படி ஒருத்தர் அங்க இருக்காரான்னு கேளுங்க. அப்புறம் சைபர் க்ரைம்ல ஒரு கம்ப்ளைன்ட். பணம் எதுவும் போகலையே, எதுக்குன்னு விட்டுடாதீங்க, ஆறு மாசம் கழிச்சு நீங்க எடுக்காத லோனுக்கு நோட்டீஸ் வந்தா, இன்ன தேதியிலயே நான் புகார் குடுத்துட்டேன்னு காட்ட உங்க கையில இருக்கப்போறது அந்தக் காப்பிதான். பாஸ்போர்ட் ஆபீஸ்ல சொல்லி, புதுசு எடுக்கணுமான்னு அவங்களையே கேளுங்க. மொபைல் கம்பெனிகிட்ட நீங்க வராம சிம் மாத்திக் குடுக்கக் கூடாதுன்னு ஏதாவது பூட்டு இருக்கான்னு கேட்டுப் போட்டுடுங்க. கிரெடிட் ரிப்போர்ட்டையும் அப்பப்போ எடுத்து, நீங்க கேக்காத லோன் விசாரணை ஏதாவது பதிவாகியிருக்கான்னு பாருங்க.

பேங்க்லயும் சொல்லி வைங்க. வெறும் அக்கவுன்ட் நம்பரை வச்சு பணத்தை உருவறது பல இடங்கள்ல அவ்வளவு ஈஸி இல்ல, ஆனா உள்ள போடறது ஈஸி. திடீர்னு ஒரு தொகை வந்து, "ட்ரெய்னிங் அலவன்ஸ் தப்பா அதிகமாப் போட்டுட்டோம், மிச்சத்தை இந்த அக்கவுன்ட்டுக்கு அனுப்பிடுங்க"ன்னு மெசேஜ் வந்தா அதைத் தொடாதீங்க, நீங்களா திருப்பியும் அனுப்பாதீங்க, பேங்க்ல எழுத்துல குடுத்து, எங்கிருந்து வந்துச்சோ அங்கயே அவங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க.