சிரியஸோட ஜோடி ஏன் முன்னாடியே போயிடுச்சு? – நட்சத்திர ஆயுள் பத்தி கேள்வி பதில்

போன வாரம் செம்பூர்ல எங்க பில்டிங் மொட்டை மாடில நாலு பேருக்கு சிரியஸ் காட்டிட்டு, "இதுக்கு செத்துப்போன ஒரு ஜோடி பக்கத்துலயே சுத்துது"ன்னு ஒரு வார்த்தை விட்டேன். அதுலேர்ந்து வந்த கேள்விங்க தான் இது, வந்த வரிசைலயே பதில் போடறேன்.

முலுண்ட் தம்பி: அண்ணா, பெரிய நட்சத்திரம்னா எரிபொருளும் நிறைய இருக்குமே, அப்ப அது தானே ரொம்ப நாள் இருக்கணும்?

கையிருப்பை மட்டும் பாக்கற தம்பி, செலவையும் பாரு. சூரியனோட ஆயுள் சுமாரா 1000 கோடி வருஷம். மத்த நட்சத்திரத்துக்கு எடைல மடங்கு M, வெளிச்சத்துல மடங்கு L-னு வெச்சுக்கோ, அவ்ளோ தான் கணக்கு:

t = 1000 × M / L (கோடி வருஷம்)

சிரியஸ் சூரியனை விட ரெண்டு மடங்கு எடை, ஆனா கொட்டற வெளிச்சம் 25 மடங்கு. 2000-ஐ 25-ஆல வகுத்தா 80 கோடி. சொத்து டபுள், செலவு 25 பங்கு, எத்தனை நாள் தாங்கும்? இப்ப அதோட ஜோடி, சிரியஸ் பி. அது பொறந்தப்ப கிட்டத்தட்ட அஞ்சு சூரியன் எடை இருந்திருக்கும்னு கணக்கு போடறாங்க, அந்த எடைக்கு வெளிச்சம் 500 மடங்கு கிட்ட வரும். 5000 வகுத்தல் 500, பத்தே கோடி வருஷம். ரெண்டும் ஒண்ணா பொறந்ததுங்க, வயசு சுமார் 24 கோடி, அதனால எடை ஜாஸ்தியா இருந்தது எப்பவோ முடிஞ்சு போய் இன்னிக்கு பூமி சைஸ்ல ஒரு கங்கு மாதிரி, வெள்ளைக் குள்ளன்ங்கற நிலைல கிடக்குது, எடை கம்மியா இருந்தது இன்னும் ஜாலியா எரியுது. இது தோராயக் கணக்கு தான், பத்து இருபது பர்சன்ட் அங்க இங்க இருக்கும்.

டோம்பிவிலி சார் ஒருத்தர்: காரணம் சிம்பிள். உள்ள டெம்பரேச்சர் ஜாஸ்தி, ஃப்யூஷன் டெம்பரேச்சருக்கு பயங்கர சென்சிட்டிவ், அதான் வேகமா எரியுது. சரிதானே?

பாதி சரி சார். சென்சிட்டிவ்ங்கறது நெஜம், ஆனா வெளிச்சம் எவ்ளோன்னு முடிவு பண்றது அடுப்பு இல்ல, ஒழுகல். எடிங்டன்ங்கற வானியலாளர் 1924-லயே எடைக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள சம்பந்தத்தை கணக்கு போட்டு காட்டிட்டார், அப்ப நட்சத்திரத்துக்குள்ள என்ன எரியுதுன்னே யாருக்கும் உறுதியா தெரியாது!

எப்படின்னா, எடை ஜாஸ்தியான நட்சத்திரம் தன் பாரத்துலயே நசுங்காம இருக்கணும்னா உள்ள இன்னும் சூடா இருந்தே ஆகணும். அவ்ளோ சூடுல உள்ள அடைஞ்சு கிடக்கற ஒளியும் ரொம்ப ஏறிடும், அந்த வாயுவும் ஒளியை முன்ன மாதிரி மறிக்காது, அதனால வெளிய கசியறது மளமளன்னு கூடும். அந்தக் கசிவை ஈடு கட்டறது மட்டும் தான் ஃப்யூஷனோட வேலை. தேவைக்கு மேல எரிஞ்சா நட்சத்திரம் கொஞ்சம் உப்பி, உள்ள சூடு இறங்கி, எரியறதும் அடங்கிடும். கம்மியா எரிஞ்சா சுருங்கி சூடேறும். நீங்க சொன்ன சென்சிட்டிவ் சமாச்சாரம் உதவறது இங்க தான், ஒரு துளி சூடு ஏறினாலே போதும், எவ்ளோ பெரிய கசிவையும் ஈடு கட்டிடும்.

மாட்டுங்கா மாமி: நான் திருவாதிரை நட்சத்திரம். அது சீக்கிரம் வெடிக்கப்போறதாமே, என் ஜாதகத்துக்கு ஏதாவது ஆகுமா?

மாமி, ஜாதகம் என் டிபார்ட்மென்ட் இல்ல, ஆனா பயப்படாதீங்கோ. ஆதிரைக்கு எடை பதினஞ்சு சூரியன் பக்கம் (இதுலயே ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்றா), வயசு ஒரு கோடி வருஷம் கூட இருக்காது, அதுக்குள்ள தாத்தா ஆயிடுத்து. 2019 கடைசில மங்கினப்ப எல்லாரும் இதோ வெடிக்கப்போறதுன்னா, பாத்தா அது தானே துப்பின தூசி தான் மறைச்சிருக்கு. வெடிக்கும், ஆனா "சீக்கிரம்"ங்கறது லட்சம் வருஷக் கணக்குல. வெடிச்சா பகல்லயே தெரியும், அஞ்சாறு நூறு ஒளியாண்டு தள்ளி இருக்கறதால நமக்கு ஒரு கெடுதலும் வராது.

சயான்ல ஒன்பதாவது படிக்கற பையன்: வானத்துல ரொம்ப பிரகாசமா தெரியறது சிரியஸ் தானே, அப்ப அது தானே முதல்ல சாகணும்?

அது பக்கத்துல இருக்கறதால அப்படித் தெரியுதுடா கண்ணா, 8.6 ஒளியாண்டு தான். ஓரையன் நட்சத்திரக் கூட்டத்துல கால் பக்கம் நீலமா ஒண்ணு தெரியும், ரைகல். அது சிரியஸை விட மங்கல் மாதிரி இருக்கும், ஆனா நூறு மடங்கு தூரத்துல இருந்துட்டே அவ்ளோ தெரியுதுன்னா நெஜ வெளிச்சம் லட்சம் சூரியனுக்கு மேல. சிரியஸுக்கு ரொம்ப முன்னாடி அது போயிடும்.

பவாய்ல பிஎச்டி பண்ற அக்கா: பி சிவப்பு ராட்சசனா உப்பினப்போ தன் சரக்கை ஏ மேல, அதாவது நம்ம கண்ணுக்கு தெரியற சிரியஸ் மேல, கொட்டியிருக்காதா? அப்ப உங்க வயசு கணக்கே ஆட்டம் காணுமே?

அக்கா, மாட்டி விட்டீங்க. வயசு கணக்கு ஏ-வை நம்பி மட்டும் இல்ல. பி-யோட மேல்சூடு 25,000 டிகிரி கிட்ட, அந்த எடைல ஒரு வெள்ளைக் குள்ளன் ஆறி இந்த சூடுக்கு வர 12 கோடி வருஷம் பக்கம் ஆகும். அதோட அது உயிரோட இருந்த பத்து சொச்சம் கோடியை கூட்டினா 24-க்கு பக்கத்துல வந்துடுது. ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சுத்தற பாதை நல்லா நீண்ட முட்டை வடிவம், ஒரு சுத்துக்கு 50 வருஷம். பி அவ்ளோ பெருசா உப்பினப்ப அந்தப் பாதை உருண்டையாகி இருக்கணும்னு எதிர்பாக்கலாம், ஆகல. ஏன்னு நாலு பேர் நாலு விளக்கம் சொல்றாங்க, எனக்கு எதுவும் திருப்தியா இல்ல. கொஞ்சம் சரக்கு ஏ மேல விழுந்திருந்தா, ஏ பொறந்தப்ப இன்னும் லேசா இருந்திருக்கும், அவ்ளோ தான், யார் முதல்ல போனாங்கறது மாறாது.

மறுபடி முலுண்ட் தம்பி: அப்ப நூறு சூரியன் எடைன்னா லட்சம் வருஷத்துல காலியா?

இல்ல, உன் ஃபார்முலா அங்க படுத்துடும். படுக்கறது நான் சொன்ன t கணக்கு இல்ல, நீ நம்பியிருக்கற, எடை ஏற ஏற வெளிச்சம் தாறுமாறா ஏறுங்கற விதி. ரொம்ப பெரிய எடைல ஒளியோட அழுத்தமே நட்சத்திரத்தை பிச்சு எறியற அளவுக்கு வந்துடும், அதுக்கு மேல வெளிச்சம் எடைக்கு சமமா தான் ஏறும். அதனால எவ்ளோ பெருசா இருந்தாலும் 30 லட்சம் வருஷம் பக்கம் வந்து நின்னுடும். இன்னொரு முனைல சின்ன சிவப்புக் குள்ளனுங்க, சூரியன்ல எட்டுல ஒரு பங்கு எடை இருக்கற ப்ராக்ஸிமா மாதிரி, லட்சம் கோடி வருஷக் கணக்குல ஓடும். பிரபஞ்சத்துக்கே 1380 கோடி தான் ஆகுது, அந்த ஜாதில ஒண்ணு கூட இன்னும் வயசாகி செத்ததில்ல.

செம்பூர், எங்க மாடிலயே நின்னவர்: சார், அந்த செத்த ஜோடியை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?

1844-ல பெஸ்ஸல்ங்கற வானியலாளர் சிரியஸ் தள்ளாடறதை வெச்சு தான் ஜோடி இருக்குன்னார், 1862-ல தான் ஒருத்தர் கண்ல பட்டது. நான் ஜனவரில வாங்கணி போய் எட்டு இஞ்ச் டெலஸ்கோப்ல ரெண்டு ராத்திரி முயற்சி பண்ணேன். பத்தாயிரம் மடங்கு பிரகாசமான ஒண்ணு பக்கத்துல நின்னு கண்ணைக் கூசுது, காத்து வேற கொதிக்கற ரசம் மாதிரி ஆடுது. ரெண்டாவது ராத்திரி, சிரியஸை கண்ணாடிக்கு வெளில தள்ளி வெச்சுட்டு பாத்தப்ப ஓரத்துல ஒரு புள்ளி ரெண்டு செகண்ட் நின்ன மாதிரி இருந்துச்சு. பக்கத்துல இருந்த ஃப்ரெண்டைக் கூப்பிட்டேன், அவன் பாத்துட்டு ஒண்ணுமே இல்லடான்னுட்டான்.