மருத்துவர் பதில்: ஏறும் சர்க்கரைக்கு இரண்டாவது ஊசி

கேள்வி: வயது 46. தண்டையார்பேட்டையில் தையல் வேலை பார்க்கிறேன். காலை ஏழரை மணிக்கு 6 யூனிட் வேக வகை இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே நாலு இட்லி சாப்பிடுகிறேன். ஒன்பது மணிக்குக் கையிலுள்ள சென்சார் 262 காட்டினால் பயந்து இன்னும் 4 யூனிட் போட்டுவிடுகிறேன். பதினோரு மணிக்குக் கை நடுங்குகிறது. அப்போது சென்சார் 80, விரலில் குத்திப் பார்த்தால் 60. இனிப்பு சாப்பிட்டால் மதியம் 290. மருந்து கெட்டுவிட்டதா, கருவி பழுதா?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மருந்தும் கெடவில்லை, கருவியும் பழுதாகவில்லை. இரண்டும் தாமதமாக வேலை செய்பவை. அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்காமல் ஒன்பது மணிக்குப் போடும் ஊசிதான் உங்களை 60-க்கு இறக்குகிறது.

கணையம் இதே வேலையை எப்படிச் செய்கிறது என்று முதலில் சொல்கிறேன். அதன் பீட்டா செல்களே சர்க்கரையை அளக்கின்றன, அளந்த அவையே இன்சுலினையும் சுரக்கின்றன. உணவு குடலை அடைந்ததும், இரத்தத்தில் சர்க்கரை முழுதாக ஏறுவதற்கு முன்பே, குடலிலிருந்து ஹார்மோன்கள் அவற்றுக்கு முன்னறிவிப்புக் கொடுக்கின்றன. சுரந்த இன்சுலின் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் பாதியாகிவிடுவதால், சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் கணையம் சுரப்பைக் குறைத்தாலே போதும், அதன் வேகமும் விரைவில் அடங்கிவிடும். இறக்கம் மிஞ்சினால் ஆல்ஃபா செல்கள் குளுக்ககானைச் சுரந்து, கல்லீரலில் சேமித்த சர்க்கரையை வெளியே விடச் செய்கின்றன.

தோலுக்கடியில் போடும் ஊசிக்கு இந்த வசதி இல்லை. வேக வகை இன்சுலின்கூட வேலையைத் தொடங்கவே பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, நான்கு மணி நேரம் வரை உடலில் இருக்கும். போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை. கனமான தோசைக்கல் சூடாகவில்லை என்று தீயைக் கூட்டிக்கொண்டே போனால், கல் காய்ந்தபின் தீயைக் குறைத்தாலும் முதல் தோசை கருகிவிடும் அல்லவா, அதைப் போலத்தான் இதுவும்.

இப்போது உங்கள் காலையைக் கணக்கிடுவோம். ஒன்பது மணிக்கு, முதலில் போட்ட 6 யூனிட்டில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 3.5 யூனிட் இன்னும் மீதமிருக்கும். ஒரு யூனிட் உங்களுக்கு 40 மி.கி. இறக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள் (இந்த எண் ஆளுக்கு ஆள் மாறும், உங்களுடையதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்). மீதமுள்ளதே 140 மி.கி. இறக்கும் வலு கொண்டது. 262-ஐ 120-களுக்குக் கொண்டுவர அதுவே போதும். அதன்மேல் 4 யூனிட் என்றால் இன்னொரு 160 மி.கி. இறக்கும் வலுவைச் சேர்க்கிறீர்கள். இட்லி அதற்குள் பெரும்பாலும் செரித்து முடிந்திருக்கும்.

சென்சார் 80, விரல் 60 என்ற வேறுபாட்டுக்கும் காரணம் தாமதம்தான். சென்சார் அளப்பது இரத்தத்தை அல்ல, தோலடியில் செல்களுக்கிடையே உள்ள நீரை. இரத்தத்தின் மாற்றம் அங்கே தெரிய ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 2 மி.கி. வீதம் இறங்கும்போது பத்து நிமிடத் தாமதம் என்றால் 20 மி.கி. வித்தியாசம். அதனால் கை நடுங்கும்போது விரலில் எடுத்த அளவையே நம்புங்கள். இனிப்பு சாப்பிட்டபின் இதே தாமதம் மறுபக்கம் ஏமாற்றும்: இரத்தத்தில் ஏறிவிட்டாலும் சென்சார் இன்னும் தாழ்வாகவே காட்டும், நீங்களும் மேலும் மேலும் சாப்பிடுவீர்கள். மதியத்து 290 பெரும்பாலும் அப்படி வந்ததுதான். தாழ்வைச் சமாளிக்க உடல் சுரக்கும் குளுக்ககானும் அட்ரினலினும் அதில் கொஞ்சம் சேர்க்கலாம்.

ஆகவே 70-க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். லட்டு வேண்டாம், அதிலுள்ள நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் கழித்து விரலில் பாருங்கள். அப்போதும் 70-க்குக் கீழே இருந்தால் மட்டும் மறுபடி குடியுங்கள். ஒன்பது மணிக்குப் போட்ட ஊசி இன்னும் முழுதாகத் தீர்ந்திருக்காது என்பதால், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். நினைவு தடுமாறி விழுங்க முடியாத நிலை வந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்று வீட்டிலுள்ளவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

சாப்பாட்டு ஊசி போட்ட நான்கு மணி நேரத்துக்குள், மருத்துவர் சொல்லாமல் இரண்டாவது ஊசி போடாதீர்கள். 262 ஏறுவதற்கு முன்பே தடுப்பதுதான் சரியான வழி. இட்லி வேகமாகச் செரிப்பது, நீங்களோ ஊசி போட்டவுடன் சாப்பிடுகிறீர்கள்; சாப்பிடுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு ஊசி போடலாமா, காலை அளவை மாற்ற வேண்டுமா என்று, சென்சாரில் பதிவான இரண்டு வார வரைபடத்தைக் காட்டி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வரைபடத்தில் ஒவ்வோர் ஊசியின் நேரத்தையும் பேனாவால் குறித்துக்கொண்டு போங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், பதினோரு மணித் தாழ்வு எந்த ஊசியால் வந்தது என்று அவருக்கும் தெரியாது.